பாதி எங்கிருந்து வருகிறது?

ஏழாம் வகுப்பு முடித்த பிள்ளையிடம் சரிவகத்தின் பரப்பளவு என்ன என்று கேட்டுப் பாருங்கள். "அரை இன்ட்டு எச் இன்ட்டு ஏ பிளஸ் பி" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும். சாய்சதுரம் என்றால் "அரை இன்ட்டு டி ஒன் இன்ட்டு டி டூ". இரண்டிலும் ஓர் அரை இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அந்த அரை எங்கே இருக்கிறது என்று தாளில் தொட்டுக் காட்டத் தெரிந்த பிள்ளைக்குச் சூத்திரம் மறந்தாலும் பாதகமில்லை. தேர்வு அறையிலேயே இரண்டு நிமிடத்தில் மறுபடி உண்டாக்கிக்கொள்ளலாம். தெரியாத பிள்ளைக்கு, மனப்பாடம் செய்த சூத்திரத்தில் எந்த நீளத்தை எங்கே போடுவது என்பதில் கட்டாயம் குழப்பம் வரும்.

இதற்கு வேண்டிய முன்னறிவு மிகக் கொஞ்சம். செவ்வகத்தின் பரப்பளவு நீளம் பெருக்கல் அகலம். செவ்வகத்தை மூலைவிட்டத்தில் வெட்டினால் ஒரே அளவுள்ள இரண்டு செங்கோண முக்கோணங்கள் கிடைக்கும். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் அச்சாகப் பொருந்தும். ஆகவே செங்கோண முக்கோணம் செவ்வகத்தில் பாதி. எல்லா அரைகளுக்கும் பிறந்த இடம் இதுதான். செங்கோணம் இல்லாத முக்கோணத்தையும் உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்கு ஒரு குத்துக்கோடு இறக்கி இரண்டு செங்கோண முக்கோணங்களாக்கிவிடலாம். அதனால் எந்த முக்கோணத்துக்கும் பரப்பளவு, அடிப்பக்கம் பெருக்கல் குத்துயரம், அதில் பாதி. குத்துக்கோடு அடிப்பக்கத்துக்கு வெளியே போய் விழுகிற முக்கோணமும் உண்டு. அதில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். அதற்குக் கொஞ்சம் பின்னால் வருகிறேன்.

முதலில் சரிவகம். நான்கு பக்கங்களில் ஒரு ஜோடி மட்டும் இணையாக இருக்கும் உருவம். ஒரு கெட்டித் தாளில் 14 செ.மீ. நீளத்தில் கோடு போடுங்கள். அதன் இரு முனைகளிலிருந்தும் 3 செ.மீ. உள்ளே தள்ளி ஒவ்வொரு புள்ளி வைத்து, அங்கிருந்து மூலைமட்டத்தால் நேர் மேலே 4 செ.மீ. போங்கள். மேலே உள்ள இரு புள்ளிகளையும் சேர்த்தால் 8 செ.மீ. நீளமுள்ள கோடு வரும். முனைகளைச் சேர்த்துவிட்டால் சரிவகம் தயார்: கீழே 14, மேலே 8, உயரம் 4. இரு பக்கமும் உள்ள சாய்ந்த கோடுகளை அளந்து பாருங்கள், 5 செ.மீ. இருக்கும். இந்த 5 நம்மை ஏமாற்றப் போகிற எண் என்பதால் அதை ஓர் ஓரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதை வெட்டி எடுத்து, இடது மேல் மூலையிலிருந்து நேர் கீழே ஒரே ஒரு வெட்டு வெட்டுங்கள். அடி 3, உயரம் 4 உள்ள ஒரு செங்கோண முக்கோணம் தனியே வரும். அதைத் தலைகீழாகத் திருப்பி, வலது பக்கச் சாய்வின் மேல் ஒட்ட வையுங்கள். சாய்வுகள் இரண்டும் 5 செ.மீ. என்பதால் இடைவெளியே இல்லாமல் பொருந்தும். இப்போது மேசையில் இருப்பது ஒரு செவ்வகம். கீழ்ப் பக்கம் 14-இல் 3 குறைந்து 11 ஆனது, மேல் பக்கம் 8-உடன் 3 சேர்ந்து 11 ஆனது, உயரம் 4 அப்படியே நிற்கிறது. பரப்பளவு 11 × 4 = 44 ச.செ.மீ.

இந்த 11 என்பது 14-க்கும் 8-க்கும் சராசரி. நீண்ட பக்கத்தில் எடுத்ததைக் குட்டைப் பக்கத்துக்குக் கொடுத்தோம், இரண்டும் சமமாகி நின்றன. சூத்திரத்தில் இரண்டு இணைப்பக்கங்களையும் கூட்டிப் பாதியாக்குகிறோமே, அந்தப் பாதி வேறொன்றுமில்லை, இந்தச் சராசரிதான்.

இந்த வெட்டு நம் நாட்டில் மிகப் பழையது. வேள்வி மேடைகளைக் கயிறு கொண்டு அளந்து அமைக்கும் முறைகளைச் சொல்லும் நூல்கள் சுல்ப சூத்திரங்கள். அவற்றுள் கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்தைச் சேர்ந்த ஆபஸ்தம்ப சுல்ப சூத்திரம், மகாவேதி என்னும் பெரிய மேடையைச் சரிவக வடிவில் அமைக்கச் சொல்கிறது. ஒரு முகம் 24 பதம், எதிர் முகம் 30 பதம், இடையில் 36 பதம் (பதம் என்பது ஓர் அடியளவு). அதன் பரப்பு ஆயிரத்துக்கு 28 குறைவு என்று சொல்வதோடு அந்நூல் நிறுத்தவில்லை. அது எப்படி என்றும் காட்டுகிறது: குறுகிய முகத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் முகத்துக்கு நேர்க்கோடு இறக்கு, வெட்டுண்ட துண்டைத் திருப்பி மறுபக்கம் சேர், நீள்சதுரமாகிவிடும், பிறகு கணக்கிடு. நாமே செய்து பார்க்கலாம். 24-க்கும் 30-க்கும் வித்தியாசம் 6. ஒரு பக்கத்துக்கு 3. வெட்டித் திருப்பினால் செவ்வகத்தின் அகலம் 27, நீளம் 36. 27 × 36 = 972. ஆயிரத்துக்குச் சரியாக 28 குறைவு. நம் மேசையில் 3 செ.மீ. துண்டு செய்த வேலையை அந்த மேடையில் 3 பதத் துண்டு செய்திருக்கிறது.

ஆனால் இந்த வெட்டுக்கு ஓர் எல்லை உண்டு. இரு பக்கச் சாய்வும் ஒரே மாதிரி இருந்தால்தான் வெட்டிய துண்டு மறுபக்கம் பொருந்தும். நம் சரிவகத்தைக் கொஞ்சம் கோணலாக வரைந்து பாருங்கள். கீழே அதே 14, மேலே அதே 8, உயரம் அதே 4. ஆனால் மேல் கோட்டை இடது பக்கம் தள்ளி, இடது முனையில் 1 செ.மீ., வலது முனையில் 5 செ.மீ. உள்தள்ளும்படி வையுங்கள். இடது பக்கம் வெட்டும் துண்டின் அடி 1, வலது பக்கத்துக்கு வேண்டியது 5. பொருந்தாது. பல வகுப்புகளில் சமச்சீரான படத்தை மட்டும் வெட்டிக் காட்டி, "எல்லாச் சரிவகத்துக்கும் இப்படித்தான்" என்று முடித்துவிடுகிறார்கள். கேள்வி கேட்கும் பிள்ளைக்கு அது போதாது.

கோணலான சரிவகத்துக்கும் ஒரே வெட்டில் வேலை முடியும். வெட்டும் இடம்தான் வேறு. வலது பக்கச் சாய்கோட்டின் நடுப்புள்ளியைக் குறியுங்கள். இடது மேல் மூலையிலிருந்து அந்த நடுப்புள்ளிக்கு நேராக வெட்டுங்கள். மேலே ஒரு முக்கோணத் துண்டு கழன்று வரும், 8 செ.மீ. மேல் பக்கம் முழுவதும் அதில் இருக்கும். அந்தத் துண்டை, நடுப்புள்ளியில் ஒரு குண்டூசி குத்தியது போல வைத்துக்கொண்டு அரைச் சுற்று சுற்றுங்கள். சாய்கோட்டின் மேல் பாதி கீழ் பாதியின் மேல் வந்து உட்காரும். நடுப்புள்ளி என்பதால் இரண்டும் ஒரே நீளம். மேலே இருந்த 8 செ.மீ. பக்கம் இப்போது கீழே வந்து, 14 செ.மீ. பக்கத்தின் தொடர்ச்சியாக ஒரே நேர்க்கோட்டில் படுத்துவிடும்.

அது ஏன் வளையாமல் நேராகப் படுக்கிறது என்பதைப் பிள்ளைகள் கட்டாயம் கேட்க வேண்டும். மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் இணை. சாய்கோடு மேல் பக்கத்தோடு உண்டாக்கும் கோணமும் கீழ்ப் பக்கத்தோடு உண்டாக்கும் கோணமும் சேர்ந்தால் 180 பாகை. துண்டைச் சுற்றியபோது அந்த இரண்டு கோணங்களும் ஒரே மூலையில் அருகருகே வந்துவிட்டன. 180 பாகை என்றால் நேர்க்கோடு. பக்கங்கள் இணையாக இல்லாத நாற்கரத்தில் இதே வெட்டை வெட்டினால் அந்த இடத்தில் ஒரு முறிவு தெரியும். இணை என்ற நிபந்தனை சூத்திரத்துக்குள் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை விரலால் தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

இப்போது மேசையில் இருப்பது ஒரு பெரிய முக்கோணம். அடி 14 + 8 = 22, உயரம் 4. பரப்பளவு 22 × 4-இல் பாதி, 44. எவ்வளவு கோணலாக வரைந்தாலும் அதே விடை. புத்தகத்தில் உள்ள சூத்திரத்தைச் சொல்லுக்குச் சொல் இந்த முக்கோணத்தில் படிக்கலாம்: அரை, உயரம், இணைப்பக்கங்களின் கூடுதல். முதல் வெட்டில் அரை என்பது சராசரியாகத் தெரிந்தது, இந்த வெட்டில் முக்கோணத்தின் அரையாகத் தெரிகிறது. இரண்டும் சரி.

கத்தரி இல்லாமல் கோடு மட்டும் போட்டும் பார்க்கலாம். கோணல் சரிவகத்திலேயே இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு மூலைவிட்டம் வரையுங்கள். இரண்டு முக்கோணங்கள் வரும். கீழே உள்ளதற்கு அடி 14, உயரம் 4, பரப்பளவு 28. மேலே உள்ளதற்கு அடி மேல் பக்கமான 8. அதன் உயரம் என்ன? இங்கேதான் வகுப்பு அமைதியாகிவிடும். அதன் எதிர் மூலை வலது கீழ் மூலையில் இருக்கிறது. அங்கிருந்து மேல் பக்கத்துக்குக் குத்துக்கோடு போட்டால் அது 8 செ.மீ. கோட்டைத் தொடவே தொடாது, 5 செ.மீ. தள்ளி வெளியே போய் நிற்கும். வெளியே நிற்கும் கோடு எப்படி உயரமாகும் என்று பிள்ளைக்குச் சந்தேகம் வருவது நியாயம்தான்.

தீர்த்து வைப்பது கடினமில்லை. மேல் பக்கத்தை அந்தக் குத்துக்கோடு வரை 5 செ.மீ. நீட்டிவிடுங்கள். இப்போது 8 + 5 = 13 அடியும் 4 உயரமும் உள்ள ஒரு பெரிய செங்கோண முக்கோணம் தெரியும்; பரப்பளவு 26. அதில் நமக்குச் சேராத பகுதி, 5 அடியும் 4 உயரமும் உள்ள சின்னச் செங்கோண முக்கோணம், அது 10. கழித்தால் 16. இது 8 × 4-இல் பாதி. ஆகவே குத்துக்கோடு வெளியே விழுந்தாலும் விதி மாறவில்லை. 28 + 16 = 44. மூன்று வழியிலும் விடை ஒன்றே.

இப்போது அந்த 5-க்கு வருவோம். விடைத்தாள்களில் வரும் தவறுகளில் முதன்மையானது, உயரத்தின் இடத்தில் சாய்ந்த பக்கத்தைப் போடுவது. படத்தில் சாய்கோடு கறுப்பாக, தடிமனாகத் தெரிகிறது. உயரம் புள்ளிக்கோடாகத்தான் இருக்கிறது. கண் தடித்த கோட்டுக்குத்தான் போகும். முதலில் வரைந்த சமச்சீர் சரிவகத்தில் 4-க்குப் பதில் 5 போட்டால் 11 × 5 = 55 வரும். இது தவறு என்று யாரையும் கேட்காமல் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அந்தச் சரிவகத்தை 14 × 4 செவ்வகத்துக்குள் அடையுங்கள். செவ்வகத்தின் பரப்பளவு 56. சரிவகம் 55 என்றால், இரண்டு மேல் மூலைகளிலும் சேர்த்து வெறும் 1 ச.செ.மீ. இடம்தான் காலியாக இருக்க வேண்டும். படத்தைப் பாருங்கள்: அங்கே 3-க்கு 4 அளவில் இரண்டு முக்கோணங்கள் காலியாகக் கிடக்கின்றன, ஒவ்வொன்றும் 6. 56-இல் 12 போனால் 44. சரிவகத்தின் விடை எப்போதும் நீண்ட பக்கத்தின் மேல் எழுப்பிய செவ்வகத்துக்கும் குட்டைப் பக்கத்தின் மேல் எழுப்பிய செவ்வகத்துக்கும் சரியாக நடுவில் இருக்க வேண்டும். இங்கே அவை 56, 32, நடு 44. விடை எழுதியதும் இதைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதித் தவறுகள் அங்கேயே நின்றுவிடும்.

சாய்சதுரத்தை வரைவதைவிட மடித்து வெட்டுவது எளிது. 8 செ.மீ. நீளமும் 6 செ.மீ. அகலமும் உள்ள தாளை நீளவாக்கில் ஒரு முறை, அகலவாக்கில் ஒரு முறை பாதியாக மடியுங்கள். கையில் 4-க்கு 3 அளவில் நான்கு அடுக்குள்ள சின்னச் செவ்வகம் இருக்கும். அதன் ஒரு மூலை தாளின் நடுப்புள்ளி. அந்த மூலையில் மடிப்புகள் மட்டும் இருக்கும், பிரிந்த ஓரம் இருக்காது. அந்த மூலையைத் தொடாத மூலைவிட்டத்தில் வெட்டுங்கள். விரித்தால் சாய்சதுரம். நான்கு பக்கமும் ஒரே வெட்டில் வந்ததால் சமம். ஒவ்வொன்றும் 5 செ.மீ. மடிப்புகள் இரண்டும் அதன் மூலைவிட்டங்கள்: 8, 6. மடிப்பு மடிப்பைச் செங்கோணத்தில் வெட்டுவதையும், ஒன்றையொன்று பாதியாக்குவதையும் கண்ணால் பார்க்கலாம்.

வெட்டி விழுந்த நான்கு துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். நான்கும் செங்கோண முக்கோணங்கள். அவற்றைச் சாய்சதுரத்தின் மேல் அடுக்கினால் மிச்சமில்லாமல் மூடிவிடும். அதாவது 8 × 6 = 48 தாளில் பாதி சாய்சதுரமாக நின்றது, பாதி உதிர்ந்து விழுந்தது. ஆகவே 24. மூலைவிட்டங்களின் பெருக்கல் என்பது அந்த முழுத் தாள். அரை என்பது உதிர்ந்த துண்டுகள் போக மீதி.

சாய்சதுரத்தின் எதிர்ப்பக்கங்கள் இணை என்பதால், சரிவகத்தில் செய்தது போலவே ஒரு பக்கத்தில் முக்கோணத்தை வெட்டி மறுபக்கம் சேர்த்து, பக்கம் பெருக்கல் உயரம் என்றும் அதன் பரப்பைக் காணலாம். அப்படியானால் 5 பெருக்கல் உயரம் 24 ஆக வேண்டும், உயரம் 4.8. அளவுகோலை ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப் பக்கத்துக்குக் குத்தாக வைத்துப் பாருங்கள், 4.8 செ.மீ. இருக்கும். இங்கும் பிள்ளைகள் 5 × 5 = 25 என்று எழுதுவார்கள். அது சதுரத்தின் பரப்பு. நான்கு குச்சிகளை முனைகளில் ஆணியால் கோத்துச் சதுரமாக்கி, எதிர் மூலைகள் இரண்டைப் பிடித்து மெல்ல இழுங்கள். பக்கங்கள் 5-ஆகவே இருக்கும். உருவமோ ஒடுங்கிக்கொண்டே போய்க் கடைசியில் குச்சிகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்துவிடும், பரப்பே இல்லாமல். பக்கங்களின் நீளம் மட்டும் தெரிந்தால் பரப்பு தெரியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

பட்டம் என்ற நாற்கரத்தில் அடுத்தடுத்த பக்கங்கள் இரண்டிரண்டாகச் சமம். நெடுக்கே ஒரு குச்சி, குறுக்கே ஒரு குச்சி. நெடுங்குச்சி 8, குறுக்குக் குச்சி 6 என்றே வைத்துக்கொள்வோம். குறுக்குக் குச்சி மேலிருந்து 2 செ.மீ. கீழே செங்கோணத்தில் கட்டப்பட்டிருக்கிறது. நெடுங்குச்சி அதைச் சரிபாதியாக, 3-க்கு 3 ஆக வெட்டுகிறது. இந்தப் பட்டத்தை 8 × 6 செவ்வகத்துக்குள் வைத்தால், குச்சிகள் செவ்வகத்தை நான்கு சின்னச் செவ்வகங்களாகப் பிரிக்கும். மேலே இரண்டு 3-க்கு 2, கீழே இரண்டு 3-க்கு 6. ஒவ்வொன்றையும் பட்டத்தின் ஒரு பக்கம் மூலைவிட்டமாக ஓடிப் பாதியாக்குகிறது. மேலே 3 + 3, கீழே 9 + 9. மொத்தம் 24.

சாய்சதுரத்துக்கு வந்த அதே 24. குறுக்குக் குச்சியை நடுவில் கட்டினால் சாய்சதுரம், மேலே ஏற்றினால் பட்டம். எங்கே ஏற்றினாலும் இறக்கினாலும் தாளின் பரப்பு மாறாது. மேல் பகுதியில் குறைவது அத்தனையும் கீழ்ப் பகுதியில் கூடுகிறது. இதைப் பார்த்த பிறகு சாய்சதுரத்துக்கு ஒரு சூத்திரம், பட்டத்துக்கு ஒரு சூத்திரம் என்று தனித்தனியாக நினைவில் வைக்க அவசியமே இல்லை. உண்மையில் நெடுங்குச்சி குறுக்குக் குச்சியைப் பாதியாக்கக்கூடத் தேவையில்லை. இரண்டு மூலைவிட்டங்களும் செங்கோணத்தில் வெட்டிக்கொண்டால் போதும். நான்கு சின்னச் செவ்வகங்களும் ஒவ்வொரு பாதியும் கிடைத்துவிடும்.

அந்தச் செங்கோணம் போய்விட்டால் சூத்திரமும் போய்விடும். இதைச் சோதிக்க 4-க்கு 3 செவ்வகத்தையே எடுங்கள். மூலைவிட்டங்கள் இரண்டும் 5. பெருக்கிப் பாதியாக்கினால் 12.5. செவ்வகத்தின் உண்மைப் பரப்பு 12. மூலைவிட்டங்கள் சாய்வாக வெட்டிக்கொள்வதால், அவற்றுக்கு இணையாக நாற்கரத்தைச் சுற்றி வரையும் சட்டம் செவ்வகமாக அமையாமல் இணைகரமாகச் சரிந்துவிடுகிறது. சரிந்த சட்டத்தின் பரப்பு 25 இல்லை, 24 தான். நாற்கரம் எப்போதும் அந்தச் சட்டத்தில் பாதி, அதனால் 12. மூலைவிட்டங்களின் நீளம் கொடுத்து ஒரு நாற்கரத்தின் பரப்பைக் கேட்டால், மாணவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அவை செங்கோணத்தில் வெட்டிக்கொள்கின்றனவா என்பதுதான்.

பள்ளிக்கு வெளியே இந்தச் சூத்திரங்கள் பணத்தோடு சம்பந்தப்படும் இடம் நிலம். நான்கு பக்கமும் வேறு வேறு நீளத்தில் உள்ள மனையை, எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அந்த இரண்டு சராசரிகளையும் பெருக்கிச் சொல்லிவிடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. இதுவும் மிகப் பழையது. எகிப்தில் எட்ஃபு கோயில் சுவர்களில் கோயில் நிலங்களின் பரப்பை இப்படித்தான் கணக்கிட்டுப் பொறித்திருக்கிறார்கள். கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் இந்த முறையைச் சொல்லும்போதே, இது தோராயம், நுட்பமான பரப்பு வேறு என்று பிரித்துச் சொல்லிவிட்டார். செவ்வகத்தைத் தவிர மற்ற நாற்கரம் எதற்கும் இந்த முறை உண்மையைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். ஒரு தடவைகூடக் குறைத்துக் காட்டாது. நம் சாய்சதுரத்துக்கு இது 24-க்குப் பதில் 25 என்று சொல்லும். ஆணி கோத்த குச்சிகள் ஒடுங்கிக் கோடான பிறகும் 25 என்றே சொல்லும்.

நில அளவைத் துறையின் புல வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: புலத்துக்குள் நேர்க்கோடுகள் ஓடும், அவற்றிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் செங்கோணத்தில் குத்தளவுகள் எழுதியிருக்கும். அடுத்தடுத்த இரண்டு குத்தளவுகளுக்கு இடையில் இருப்பது சரிவகம். இரண்டு முனைகளிலும் இருப்பவை முக்கோணம். ஒரு நிலத்தின் தெற்கு எல்லை 60 மீட்டர் நேர்க்கோடு என்று வைத்துக்கொள்வோம். மேற்கு முனையிலிருந்து அந்த எல்லையில் 20 மீட்டர் வந்தால் ஒரு மூலைக்கு எதிரே நிற்போம்; குத்தளவு 12 மீட்டர். 50 மீட்டரில் இன்னொரு மூலை; குத்தளவு 18 மீட்டர். முதல் முக்கோணம் 20 × 12-இல் பாதி, 120. நடுச் சரிவகத்தின் இணைப்பக்கங்கள் 12, 18; இடைவெளி 30; சராசரி 15 × 30 = 450. கடைசி முக்கோணம் 10 × 18-இல் பாதி, 90. மொத்தம் 660 ச.மீ., ஏறக்குறைய 16.3 சென்ட்.

அதே நிலத்தின் நான்கு பக்கங்களையும் அளந்தால் 60, 23.3, 30.6, 20.6 மீட்டர் வரும். எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியைப் பெருக்கினால் சுமார் 995 ச.மீ., அதாவது 24.6 சென்ட். இல்லாத எட்டு சென்டுக்கு மேல் நிலத்துக்கு விலை பேசும்படி ஆகிவிடும். பக்கங்களின் அளவு ஒவ்வொன்றும் சரி; தவறு பெருக்கிய விதத்தில்.

குத்தளவுக்குச் செங்கோணம் பிடிக்கக் கருவி இல்லையென்றால், நம் சரிவகத்தின் மூலையில் இருந்த 3, 4, 5 போதும். டேப்பில் 3 மீட்டரும் 4 மீட்டரும் எடுத்து, எதிர் இடைவெளி 5 மீட்டர் வரும்படி நிறுத்தினால் மூலை செங்கோணம். அதுவும் முடியாது என்றால், மனை பார்க்கப் போகும்போது நான்கு பக்கங்களோடு ஒரு மூலைவிட்டத்தையும் அளந்துகொண்டு வாருங்கள். மூலைவிட்டம் மனையை இரண்டு முக்கோணங்களாக்கிவிடும். மூன்று பக்கமும் தெரிந்த முக்கோணத்தைத் தாளில் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் போன்ற ஒரு அளவுக்கு வரைந்து, உயரத்தை அளந்து, பரப்பைச் சொல்ல உங்கள் வீட்டு ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.